"ஒண்டுமில்லையாம்" என்பது மொழிபெயர்ப்பு அல்ல

எங்கள் வீடுகளில் ஸ்கான் ரிப்போர்ட்டை வாசிக்கும் வேலை இங்கிலீஷ் தெரிந்தவர் தலையில்தான் விழுகிறது. அநேகமாக அது கம்பஸுக்குப் போகிற பிள்ளை, அல்லது உயர்தரம் படிக்கிற பெறாமகள். ரிப்போர்ட் ஒரு நாள் கையில் கிடைக்கும், டொக்டரைக் காண்பதற்கான கிளினிக் திகதி இன்னொரு நாளாக இருக்கும். நடுவில் உள்ள நாட்களில் அந்தப் பெரிய கவர் அலுமாரிக்கு மேலே கிடக்க, வீடு முழுக்க ஒரே கேள்விதான்: "என்னவாம் போட்டிருக்கு?"

இந்தக் கேள்விக்கு எங்களில் அதிகம் பேர் கொடுக்கும் பதில் ஒற்றைச் சொல். "ஒண்டுமில்லையாம்." அன்பினால் சொல்லப்படும் பதில்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த "ஆம்" என்ற ஒட்டைக் கவனியுங்கள். "இல்லை" என்று நான் சொல்லவில்லை, ரிப்போர்ட் சொல்கிறது என்று அந்த ஒட்டு சொல்லுகிறது. எங்கள் ஆறுதலை எடுத்து, ஸ்கானைப் பார்த்த கதிரியல் நிபுணரின் வாயில் வைத்துவிடுகிறோம். நோயாளி நம்புவது எங்களை அல்ல, அவரை. பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

ரிப்போர்ட்டைச் சுருக்கிச் சொல்லுவதில் பிழையில்லை. இரண்டு பக்க இங்கிலீஷை அப்படியே ஒப்புவித்தால் யாருக்கும் விளங்காது. சுருக்கும்போது மூன்று விஷயங்கள் தப்பிப் பிழைக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். என்ன தெரிந்தது, எது நிச்சயமில்லை என்று எழுதியவரே சொல்லியிருக்கிறார், அடுத்து என்ன செய்யச் சொல்லியிருக்கிறார். இவை அப்படியே இருக்க வேண்டும். இவற்றுக்கு மேலே எங்கள் பங்குக்கு ஆறுதலும் சேரக்கூடாது, பயமும் சேரக்கூடாது.

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்போம். இது இந்தக் கட்டுரைக்காக நானே எழுதிக்கொண்டது. ஆனால் இதிலுள்ள வரிகள் எந்த நெஞ்சுச் சி.ரி. ஸ்கான் ரிப்போர்ட்டிலும் காணக்கூடியவைதான். ஆள், 61 வயதுப் பெரியப்பா. முந்திச் சிகரெட் குடித்தவர். இரண்டு மாதமாக இருமல். ரிப்போர்ட்டைத் தமிழில் வரிக்கு வரி எழுதினால் இப்படி வரும்:

வலது நுரையீரலின் மேற்பகுதியில் 7 மில்லிமீற்றர் அளவான ஒரு திண்மையான முடிச்சு. விளிம்பு ஒழுங்கானது. சுண்ணாம்புப் படிவு இல்லை.

பெரும்பாலும் பழைய தொற்றின் விளைவு. எனினும் புற்றுநோயை விலக்க முடியவில்லை.

நெஞ்சறையின் நடுப்பகுதியில் பெருத்த நிணநீர்க் கணுக்கள் காணப்படவில்லை. நுரையீரலைச் சுற்றி நீர் இல்லை.

மூச்சு அசைவினால் நுரையீரலின் கீழ்ப்பகுதிகளை மதிப்பிடுவதில் வரையறை உண்டு.

ஈரலில் 5 மில்லிமீற்றர் அளவான, அடர்த்தி குறைந்த ஒரு புள்ளி. தன்மையைச் சொல்ல முடியாத அளவு சிறியது.

ஒப்பிடுவதற்கு முந்திய ஸ்கான் இல்லை. நோயாளியின் நிலையோடு சேர்த்துப் பார்க்கவும். 6 மாதங்களில் மீண்டும் சி.ரி. எடுக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.

இதை வாசித்த வீட்டில் வழமையாக இரண்டு கதைகளில் ஒன்று பிறக்கும். ஒன்று, "பழைய சளியின்ர தழும்பாம், ஆறு மாசத்தால ஒருக்காக் காட்டினாச் சரி." மற்றது, குசினிக்குள் குரல் தாழ்த்திச் சொல்லப்படுவது: "கான்சராம், ஈரலுக்கும் பரவிட்டுதாம்." முதலாவது அன்பான கதை, இரண்டாவது பயந்த கதை. ஆனால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன. "பெரும்பாலும்", "விலக்க முடியவில்லை", "தன்மையைச் சொல்ல முடியாத" என்ற சொற்களை இரண்டுமே தூக்கி எறிந்துவிட்டன. எழுதியவர் நிச்சயமில்லை என்று சொன்ன இடத்தில் வாசித்தவர் நிச்சயத்தைக் கொண்டுவந்துவிட்டார்.

முதலில் "இல்லை" என்ற சொல்லைப் பார்ப்போம். இந்த ரிப்போர்ட்டில் மூன்று வகை வரிகள் இருக்கின்றன. தேடிப் பார்த்துக் கண்டவை: முடிச்சு, ஈரல் புள்ளி. தேடிப் பார்த்துக் காணாதவை: பெருத்த கணுக்கள், நீர். மூன்றாவது, பார்க்க முயன்றும் சரியாகப் பார்க்க முடியாதவை: கீழ்ப்பகுதிகள். ஸ்கான் எடுக்கும்போது மூச்சைப் பிடிக்கச் சொல்லுவார்கள். இருமல்காரரால் அது முடியாமல் போகலாம். அப்போது நுரையீரலின் கீழ்ப்பக்கம் அசைந்து, படம் கலங்கிவிடும். அந்த வரியை விட்டுவிட்டு "மற்றதெல்லாம் நோமலாம்" என்று சொன்னால், பார்க்கப்படாத இடத்துக்கும் சேர்த்து நாங்கள் சான்றிதழ் கொடுக்கிறோம். பார்த்து இல்லை என்பதற்கும் பார்க்க முடியவில்லை என்பதற்கும் உள்ள தூரம் பெரியது. எவ்வளவு சுருக்கினாலும் அந்த ஒரு வரியை வெட்டக்கூடாது.

ஈரல் புள்ளியில் இதே சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. "தன்மையைச் சொல்ல முடியாத அளவு சிறியது" என்பதைப் பலர் "கவலைப்படத் தேவையில்லாத அளவு சிறியது" என்று விளங்கிக்கொள்கிறார்கள். அது அப்படிச் சொல்லவில்லை. சி.ரி. இயந்திரம் உடம்பைப் பாண் துண்டுகள் மாதிரி மெல்லிய துண்டுகளாகப் படம் பிடிக்கிறது. ஒரு புள்ளி அந்தத் துண்டின் தடிப்பளவே இருந்தால், புள்ளியின் நிறத்தோடு சுற்றியுள்ள ஈரலின் நிறமும் கலந்துவிடும். உள்ளே இருப்பது நீரா, வேறெதுவுமா என்று அளந்து சொல்ல முடியாது. அந்த வரி பேசுவது படத்தின் எல்லையைப் பற்றி. நோய் பெரிதா சிறிதா என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. "பரவிட்டுது" என்பதும் அதில் இல்லை, "விசயமில்லை" என்பதும் அதில் இல்லை.

அடுத்தது, நிச்சயமின்மையைச் சொல்லும் சொற்கள். இங்கே எங்கள் மொழியே கொஞ்சம் காலை வாரும். கதிரியல் ரிப்போர்ட்டில் சந்தேகத்துக்குப் படிகள் உண்டு. "பெரும்பாலும்" என்பது ஒரு படி, "சாத்தியம் உண்டு" என்பது அதற்குக் கீழ்ப் படி, "விலக்க முடியவில்லை" என்பது இன்னும் கீழே. தமிழில் பேசும்போது இவை எல்லாவற்றையும் "இருக்கலாம்" என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டிவிடுகிறோம். "தழும்பா இருக்கலாம், கான்சரா இருக்கலாம்" என்று சொன்னால் கேட்பவருக்கு இரண்டும் சரிபாதி. எழுதியவரோ தழும்பின் பக்கம் தெளிவாகச் சாய்ந்திருக்கிறார். அந்தச் சாய்வும் தகவல்தான், அதையும் மறைக்கக்கூடாது.

"விலக்க முடியவில்லை" என்பது இன்னும் வில்லங்கமானது. அதை வீட்டுத் தமிழில் "கான்சர் இல்லையெண்டு சொல்லேலாது" என்று சொன்னால் என்ன கேட்கும்? எங்கள் பேச்சில் "இல்லையெண்டு சொல்லேலாது" என்றால் "இருக்குது, ஆனால் வாயால் சொல்ல விருப்பமில்லை" என்றுதான் அர்த்தம். ஊரில் ஒருவரைப் பற்றி "அவருக்குக் காசு இல்லையெண்டு சொல்லேலாது" என்று சொல்லிப் பாருங்கள், விளங்கும். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் மொழிபெயர்ப்பு பிழைத்துவிட்டது. அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். "இந்த ஒரு படத்தை மட்டும் வைச்சு, கான்சரா இல்லையா எண்டு முடிவாச் சொல்லேலாமல் இருக்கு எண்டு எழுதியிருக்கிறார்." நீளம்தான், ஆனால் சரியான பாரம் உள்ள வசனம்.

"கட்டி" என்ற சொல்லும் இப்படித்தான். முடிச்சு, நீர்க்கட்டி, புண், ஏதோ வித்தியாசமாகத் தெரிந்த ஒரு புள்ளி எல்லாமே எங்கள் வாயில் "கட்டி" ஆகிவிடும். மகரகமவும் தெல்லிப்பழையும் பக்கத்தில் உள்ள நாட்டில் "கட்டி" என்ற சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்று எல்லோருக்கும் தெரியும். நுரையீரலில் 3 சென்ரிமீற்றர் வரையான உருண்டை நிழலை முடிச்சு என்பார்கள். அதற்கு மேலே போனால்தான் வேறு சொல் போடுவார்கள். எழுதியவர் அளந்து போட்ட சொல்லை நாங்கள் ஊதிப் பெருப்பிக்கக் கூடாது.

ஊதிச் சுருக்கவும் கூடாது. "சின்ன முடிச்சு" என்கிறோமே, அந்தச் "சின்ன" எங்கிருந்து வந்தது? முடிச்சைப் பற்றிய வரியில் 7 மில்லிமீற்றர் என்ற எண் மட்டும்தான் உண்டு. "சின்ன" என்பது எங்கள் கைச்சரக்கு. அளவை விளங்கப்படுத்த வேண்டுமென்றால் பள்ளிக்கூட அடிமட்டத்தை எடுத்து ஏழாவது கோட்டைக் காட்டுங்கள். அது சின்னதா பெரிதா என்பதை டொக்டர் சொல்லட்டும்.

இங்கே ஒருவர் நியாயமாகக் கேட்கலாம். இந்த அளவு முடிச்சுகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை என்று இணையத்தில் தேடினாலே வருகிறதே, உண்மையான ஒரு தகவலைச் சொல்லி ஆறுதல்படுத்தினால் என்ன? தகவல் உண்மைதான். ஆனால் அது பொதுவாக எல்லோரையும் பற்றிய உண்மை. பெரியப்பாவுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது அவர் வயது, எத்தனை வருடம் எவ்வளவு சிகரெட் குடித்தார், முடிச்சு இருக்கும் இடம், அதன் விளிம்பு என்று பலதில் தங்கியிருக்கிறது. அதை நிறுத்துப் பார்ப்பது அவரைப் பார்க்கும் டொக்டரின் வேலை. அதோடு ரிப்போர்ட்டில் ஏற்கெனவே "பெரும்பாலும்" என்று ஒரு சாய்வு இருக்கிறது. அதற்கு மேல் நாங்கள் இன்னொரு "பெரும்பாலும்" வைத்தால், கேட்பவர் காதில் மிஞ்சுவது "ஒண்டுமில்லை" மட்டும்தான்.

ஆறு மாதம் என்ற வரிக்கு வருவோம். வீட்டில் மிகப் பிழையாக வாசிக்கப்படுவது இதுதான். "ஆறு மாசத்தால வரச் சொல்லியிருக்கினம் எண்டா பெரிசா ஒண்டும் இருக்காது" என்பார் ஒருவர். "கான்சரோ எண்டு சந்தேகமாம், பிறகு ஏன் ஆறு மாசம் இழுக்கினம்?" என்று கோபப்படுவார் இன்னொருவர். இரண்டு பேருமே காத்திருப்பதை ஒன்றும் செய்யாமல் இருப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் இங்கே காத்திருப்பதுதான் பரிசோதனை. முடிச்சு வளர்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு உருண்டையின் குறுக்களவு கால் பங்கு கூடினாலே அதன் கனவளவு ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். அதாவது 7 மில்லிமீற்றர் முடிச்சு இரண்டு மடங்கு பெருத்தாலும் படத்தில் 9 மில்லிமீற்றருக்குக் கிட்டத்தான் தெரியும். ஒரே முடிச்சை இரண்டு தரம் அளந்தாலே ஒன்றிரண்டு மில்லிமீற்றர் முன்பின்னாக வரக்கூடும். அதனால் அடுத்த மாதமே எடுத்தால், வளர்ச்சியா அளவுப் பிழையா என்று பிரித்தறிய முடியாது.

இப்படியான முடிச்சுகளை எப்படித் தொடர்ந்து பார்ப்பது என்று பிளெய்ஷ்னர் சங்கம் என்ற நெஞ்சுக் கதிரியல் நிபுணர்களின் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டலும், தற்செயலாகக் காணப்பட்ட 6 முதல் 8 மில்லிமீற்றர் வரையான தனித்த திண்ம முடிச்சுக்கு 6 முதல் 12 மாதங்களில் மீண்டும் சி.ரி. எடுக்கச் சொல்கிறது. புகைத்தவர் போன்ற ஆபத்துக் கூடியவர்களுக்கு, அதில் மாற்றமில்லாவிட்டாலும் 18 முதல் 24 மாதங்களில் இன்னொரு தரம். ஆறு மாதம் என்பது அலட்சியமுமில்லை, ஆறுதலுமில்லை. அது ஒரு தவணை. "ஒண்டுமில்லையாம்" என்று கேட்ட மனிதர் அந்தத் தவணைக்கு ஏன் போக வேண்டும்? பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டு, வரிசையில் நின்று, ஒன்றுமில்லாத ஒன்றைக் காட்டுவதற்கு யார் போவார்? அன்பாகச் சொன்ன ஒரு சொல் செய்யக்கூடிய ஆகப்பெரிய சேதம் இதுதான்.

இதே காரணத்தால்தான் "ஒப்பிடுவதற்கு முந்திய ஸ்கான் இல்லை" என்ற வரியும் முக்கியம். அது வெறும் அலுவலகக் குறிப்பு மாதிரித் தெரியும், அதனால் எல்லோரும் தாண்டிவிடுவார்கள். ஆனால் வீட்டிலிருப்பவர்கள் உண்மையிலேயே ஏதாவது செய்யக்கூடிய ஒரே வரி அதுதான். நாலு வருடத்துக்கு முன் வேறெதற்கோ எடுத்த நெஞ்சுச் சி.ரி. படமோ சிடியோ அலுமாரிக்கு மேலே கிடந்தால், அதைத் தேடிக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். அதே முடிச்சு அன்றைக்கும் அதே அளவில் இருந்திருந்தால் கதையே மாறலாம். மாறுகிறதா என்று சொல்லவேண்டியவர் டொக்டர், தேடிக் கொடுக்கவேண்டியவர் நாங்கள்.

"நோயாளியின் நிலையோடு சேர்த்துப் பார்க்கவும்" என்பதையும் சடங்கு வாசகமாக எடுக்காதீர்கள். ரிப்போர்ட்டை எழுதியவர் அநேகமாகப் பெரியப்பாவை நேரில் கண்டதேயில்லை. இருமலில் இரத்தம் வந்ததா, மெலிந்துவிட்டாரா, சளிப் பரிசோதனை என்ன சொன்னது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. எனவே இந்த ரிப்போர்ட் முழுத் தீர்ப்பு அல்ல, பாதிச் சாட்சியம் என்று அவரே சொல்லுகிறார்.

அப்படியென்றால் பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது? நானென்றால் இப்படிச் சொல்லுவேன்:

"பெரியப்பா, ரிப்போர்ட்டில இருக்கிறதை மட்டும் சொல்லுறன். வலது நுரையீரலின்ர மேல் பக்கத்தில 7 மில்லிமீற்றரில ஒரு முடிச்சு தெரியுதாம். அது பெரும்பாலும் முந்தி வந்த ஏதோ தொற்றால வந்தது எண்டு படம் பாத்த டொக்டர் நினைக்கிறார். ஆனா இந்த ஒரு படத்தை மட்டும் வைச்சு, கான்சரா இல்லையா எண்டு முடிவாச் சொல்லேலாமல் இருக்காம். ஈரலிலயும் 5 மில்லிமீற்றரில ஒரு புள்ளி இருக்கு, அது என்னெண்டு சொல்லப் படத்தில தெளிவு காணாது. நெஞ்சுக்குள்ள கணுக்கள் பெருத்ததாத் தெரியேல்லை, தண்ணியும் இல்லை. மூச்சு அசைஞ்சதால நுரையீரலின்ர கீழ்ப்பக்கம் வடிவாத் தெரியேல்லையாம். பழைய ஸ்கான் இல்லாததால ஒப்பிட்டுப் பாக்கேலாமல் போச்சாம். உங்கட இருமலையும் மற்றச் சோதனைகளையும் சேர்த்துப் பாக்கச் சொல்லியும், ஆறு மாசத்தில திரும்பச் சி.ரி. எடுக்கச் சொல்லியும் எழுதியிருக்கு."

ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. தெரிந்தது, தெரியாதது, செய்யவேண்டியது மூன்றும் இருக்கின்றன. "பயப்பட ஒண்டுமில்லை" என்ற வசனம் இல்லை. "பயமாத்தான் இருக்கு" என்ற முகபாவமும் இல்லாமல் இருந்தால் நல்லது, ஏனென்றால் பெரியவர்கள் எங்கள் சொல்லை விட முகத்தைத்தான் முதலில் வாசிப்பார்கள்.

இது கல்நெஞ்சு வேலை, வயதான மனிதரை ஆறு மாதம் நித்திரையில்லாமல் படுக்க வைப்பதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்தக் கேள்வியை நான் லேசாக எடுக்கவில்லை. அதற்கு இரண்டு பதில்.

முதலாவது, சொல்லுவதற்கு முன் கேளுங்கள். "இப்பவே வாசிச்சுச் சொல்லட்டோ, இல்லாட்டி டொக்டரிட்டயே கேப்பமோ?" சிலர் டொக்டர் வாயால் கேட்கத்தான் விரும்புவார்கள். அது அவர்களுடைய உரிமை. அப்படியென்றால் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு, "அப்ப டொக்டரிட்டக் கேப்பம்" என்று சொல்லுவது நேர்மையானது. ஆனால் உடனே பார்க்கவேண்டும் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால், கிளினிக் திகதி வரும்வரை மூடி வைக்க முடியாது. "கெதியாக் காட்டச் சொல்லிக் கிடக்கு" என்பதை மட்டுமாவது சொல்லி அன்றைக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும். வாசித்து, பாதியை விழுங்கி, மிச்சத்துக்குச் சீனி தடவிக் கொடுப்பதுதான் நேர்மையில்லாதது.

இரண்டாவது, ஆறுதல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை ரிப்போர்ட்டுக்குள் கலக்க வேண்டாம் என்றுதான் சொல்லுகிறேன். "ஒண்டுமில்லையாம்" என்பது உங்களுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிய வாக்கு. "கிளினிக்குக்கு நானும் வாறன், பழைய படங்களை இண்டைக்கே தேடுறன்" என்பது உங்கள் கையில் உள்ள ஒன்றைப் பற்றிய வாக்கு. இரண்டாவதை நீங்கள் காப்பாற்றலாம். முதலாவதை உங்களால் காப்பாற்ற முடியாது.

கடைசியாகக் கவரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போவதற்கு நாலு கேள்விகள். இந்த முடிச்சுக்கு இவரின் சிகரெட் பழக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஆறு மாதம் சரியா? ஈரல் புள்ளிக்கு வேறு ஸ்கான் வேண்டுமா? கீழ்ப்பகுதி தெளிவில்லாதது பரவாயில்லையா, திரும்ப எடுக்க வேண்டுமா? அடுத்த ஸ்கானுக்கான திகதியை யார் போடுவது, நாங்களா கிளினிக்கா? நிச்சயமில்லாத வரிகளை வெட்டாமல் வாசித்தவருக்குத்தான் இந்தக் கேள்விகள் தோன்றும்.